‘புத்தகம் இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது’ என்கிறார் பதிப்பாளர். உரிமையைத் திரும்பக் கேட்க முடியுமா?

வாசுகி டீச்சர் (நிபோங் திபால்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016-இல் என்னுடைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றைக் கோலாலம்பூரில் ஒரு பதிப்பகம் வெளியிட்டது. 11 கதைகள், 500 பிரதிகள், விலை 25 வெள்ளி. அச்சுச் செலவு அவர்களுடையது. பட்டர்வொர்த்தில் வெளியீட்டு விழா வைத்தோம். அன்று மட்டும் 120 பிரதிகள் போயின. விழாச் செலவு என் கையிலிருந்து என்பதால் அந்தப் பணம் என்னிடமே இருக்கட்டும் என்று பதிப்பாளரே சொன்னார். அதற்குப் பிறகு 2017-இல் ஒரு கணக்கு வந்தது, 180 பிரதிகள். 2018-இல் இன்னொன்று, 74 பிரதிகள். அதோடு சரி. அப்புறம் கணக்கும் இல்லை, காசும் இல்லை.

இப்போது கோலாலம்பூரில் ஒரு சிறிய மலாய்ப் பதிப்பகம் இதிலிருந்து 6 கதைகளை மலாயில் கொண்டுவர விரும்புகிறது. கதைகளை மொழிபெயர்க்க ஆசைப்பட்டவரே என்னைத் தேடி வந்து அவர்களிடம் பேசினார். முன்பணம் 2000 வெள்ளி, பிறகு 8 விழுக்காடு ராயல்டி. மகிழ்ச்சியோடு பழைய பதிப்பாளரிடம் தெரிவித்தேன். அவர், “மொழிபெயர்ப்பு உரிமை எங்களிடம் இருக்கிறது, பாதி எங்களுக்கு வர வேண்டும்” என்றார். “புத்தகம் கடையில் இல்லையே ஐயா, உரிமையைத் திரும்பக் கொடுங்கள்” என்று கேட்டதற்கு, “மின்னூல் விற்பனையில்தான் இருக்கிறது” என்றார்.

ஒப்பந்தத்தின் முக்கிய வரிகளை அப்படியே தட்டச்சு செய்கிறேன்:

2. நூலை எந்த வடிவிலும் வெளியிடவும் விற்கவும் பதிப்பாளருக்கு மட்டுமே உரிமை உண்டு. இவ்வுரிமை 9 ஆம் விதிக்கு உட்பட்டு, பதிப்புரிமைக் காலம் முழுவதும் செல்லும். பதிப்புரிமை ஆசிரியருடையது.

5. ஆசிரியருக்கு நிகர வரவில் 10 விழுக்காடு. ஆண்டுக்கு ஒரு முறை கணக்கு அனுப்பப்படும்.

9. நூல் அச்சிலோ மின்வடிவிலோ கிடைக்காமல் போய், ஆசிரியர் எழுத்து மூலம் கேட்டு, 6 மாதத்துக்குள் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை ஆசிரியரிடம் திரும்பும்.

நான் என்ன செய்யலாம்? மலாய்ப் பதிப்பகத்தார் மாதக் கடைசிக்குள் கையெழுத்து கேட்கிறார்கள்.

---

ரவாங் குமரன்

டீச்சர், கவலையே வேண்டாம். 2 ஆம் விதியிலேயே “பதிப்புரிமை ஆசிரியருடையது” என்று இருக்கிறதே. சொத்து உங்களுடையது, நீங்கள் யாருக்கும் கொடுக்கலாம். இன்னொன்று, சட்டப்படி 5 ஆண்டு தாண்டினால் உரிமை தானாகவே எழுத்தாளரிடம் வந்துவிடும். சென்னையில் என் மாமாவின் நாவலுக்கு அப்படித்தான் ஆனது. 2016 என்றால் 2021-லேயே முடிந்துவிட்டது. தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள்.

---

பிரிக்பீல்ட்ஸ் நூலடுக்கு

டீச்சர், தயவுசெய்து இன்னும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் பதிப்பக அலுவலகங்களில் ஒப்பந்தங்களோடு வேலை பார்த்தவன் நான், வழக்கறிஞன் அல்ல.

குமரன் தம்பி சொன்னதில் பாதி சரி. அந்த 5 ஆண்டு என்பது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19 ஆம் பிரிவில் வருகிறது. ஒப்பந்தத்தில் காலம் எதுவும் எழுதாமல் விட்டிருந்தால்தான் அங்கே 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். டீச்சருடையது இங்கே, கோலாலம்பூர்ப் பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தம். மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987-இல் அப்படி ஒரு தானியங்கிக் கெடு இல்லை. போதாக்குறைக்குக் காலமும் எழுதப்பட்டிருக்கிறது, “பதிப்புரிமைக் காலம் முழுவதும்” என்று. இங்கே அதன் பொருள் டீச்சரின் ஆயுள், அதற்குப் பிறகு இன்னும் 50 ஆண்டு.

“பதிப்புரிமை ஆசிரியருடையது” என்ற வரியை நம்பிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். வீடு உங்கள் பெயரில் இருக்கும், ஆனால் வாடகைக்கு விட்டுவிட்டால் நீங்கள் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. “பதிப்பாளருக்கு மட்டுமே” என்ற சொல் இருக்கும் வரை, அந்தச் சொல் எந்த அறைகளைத் தொடுகிறதோ அந்த அறைகளின் சாவி அவரிடம்.

ஆகவே கேள்வி, மொழிபெயர்ப்பு என்ற அறை அதில் சேர்ந்ததா என்பதுதான். விதியில் “எந்த வடிவிலும்” என்று இருக்கிறது. “எந்த மொழியிலும்” என்று எங்காவது இருக்கிறதா? கடைசிப் பக்கம், பின்னிணைப்பு, அட்டவணை எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். நம் சட்டத்தின் 27 ஆம் பிரிவின்படி உரிமம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். “அப்போதே பேசிக்கொண்டோம்” என்று அவர் சொன்னால் அது போதாது.

---

சுங்கைப்பட்டாணிக் கவிஞன்

எனக்கும் இதே பிரச்சினைதான். 2019-இல் என் கவிதைத் தொகுப்புக்கு நானே 4500 வெள்ளி கொடுத்து அச்சிட்டேன். பதிப்பகத்தின் பெயரும் முத்திரையும் மட்டும் அவர்களுடையது. ஐஎஸ்பிஎன் எண் அவர்கள் பெயரில் வாங்கியதால் இரண்டாம் பதிப்பை நான் போட முடியாது என்கிறார்கள். ஐஎஸ்பிஎன் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தானே உரிமை? தேசிய நூலகத்தில் பெயர் மாற்ற என்ன பாரம் நிரப்ப வேண்டும்?

---

பிரிக்பீல்ட்ஸ் நூலடுக்கு

கவிஞரே, ஐஎஸ்பிஎன் என்பது அந்தப் பதிப்பை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். அதனால் யாருக்கும் உரிமை வராது. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அவர்களுக்கு எழுத்தில் எந்த உரிமமும் இல்லை. புது எண் வாங்கி, புது அட்டையோடு நீங்களே இரண்டாம் பதிப்பு போடலாம். ஆனால் பழைய அட்டை ஓவியத்தையும் பக்க வடிவமைப்புக் கோப்பையும் யார் செய்தார்கள், யார் காசு கொடுத்தார்கள் என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். இதற்குத் தனி இழை திறந்தால் நன்றாகப் பேசலாம். டீச்சர் கேட்டது வேறு.

---

வாசுகி டீச்சர் (நிபோங் திபால்)

ஐயா, நீங்கள் சொன்ன பிறகு பழைய கோப்பை எடுத்துத் தேடினேன். நான்காம் பக்கத்துக்குப் பின்னால் ஒரு தாள் குத்தியிருக்கிறது, அதை நான் இத்தனை வருடம் சரியாகப் படித்ததே இல்லை. ஒரே ஒரு வரி:

“மொழிபெயர்ப்பு, ஒலிநூல், நாடகம், திரைப்படம் ஆகியவற்றில் பதிப்பாளர் ஏற்பாடு செய்து கிடைக்கும் வருவாய் 50:50 எனப் பகிரப்படும்.”

என் சுருக்கொப்பமும் அதில் இருக்கிறது. மனசு உடைந்துபோனது. முடிந்ததா?

---

செந்தூல் அச்சகம்

நான் சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்துகிறேன், டீச்சர் சொல்லும் ஆள் நான் அல்ல. பதிப்பாளர் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். நம் ஊரில் தமிழ்ப் புத்தகம் 500 அடித்தால், முதல் இரண்டு வருடத்தில் அச்சுக்கூலி வருமா என்பதே சந்தேகம். 25 வெள்ளிப் புத்தகத்தில் கடைக்காரர் 40 விழுக்காடு எடுத்தால் எங்கள் கைக்கு 15 வெள்ளி. அதில் எழுத்தாளருக்கு 1 வெள்ளி 50 காசு. மீதியில் அச்சு, அட்டை, லோரி, கிடங்கு எல்லாம். முதலில் அந்தக் கதைகளை நம்பி நாங்கள்தான் பணம் போட்டோம். பிறகு ஏதாவது நல்லது நடந்தால் அதில் பங்கு கேட்பது பேராசை இல்லை. 50:50 வழக்கமாக எழுதும் கணக்குத்தான்.

ஆனால் ஆறு, ஏழு வருடம் கணக்கே அனுப்பவில்லை என்பதை நான் நியாயப்படுத்த மாட்டேன். விற்றது பூஜ்யம் என்றாலும் ஒரு தாள் அனுப்ப வேண்டும்.

---

பிரிக்பீல்ட்ஸ் நூலடுக்கு

செந்தூல் அண்ணே சொல்வது நியாயம். அவர் போட்ட கணக்கை டீச்சரும் கவனிக்க வேண்டும். “10 விழுக்காடு” என்றதும் 25 வெள்ளியில் 2.50 என்று மனசில் பதிந்துவிடும். “நிகர வரவில்” என்ற சொல் வந்ததும் அது 1.50 ஆகிறது. 254 பிரதிகளுக்கு 635 வெள்ளி வர வேண்டிய இடத்தில் 381. உங்களுக்கு வந்தது எவ்வளவு டீச்சர்? 381-க்கும் குறைவாக இருந்தால் “நிகர” என்பதற்குள் வேறு செலவுகளையும் கழித்திருக்கிறார்கள்.

சரி, பின்னிணைப்புக்கு வருவோம். முடியவில்லை டீச்சர். அந்த வரியை மெதுவாகப் படியுங்கள். “பதிப்பாளர் ஏற்பாடு செய்து கிடைக்கும் வருவாய்” என்கிறது. அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. வருவாயைப் பகிர்வது பற்றிச் சொல்கிறதே தவிர, உரிமையைக் கொடுப்பதாக எந்த வினைச்சொல்லும் இல்லை. 2 ஆம் விதியில் “உரிமை உண்டு” என்று தெளிவாக எழுதத் தெரிந்தவர், இங்கே அப்படி எழுதவில்லை. அடுத்தது, ஏற்பாடு செய்தது யார்? மொழிபெயர்ப்பாளர் உங்களைத் தேடி வந்தார். பதிப்பாளர் ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

ஆனால் எதிர்வாதமும் பலவீனமானது அல்ல. உரிமை இல்லாதவர் எப்படி ஏற்பாடு செய்வார், ஆகவே இந்த வரியே உரிமை கொடுத்ததற்குச் சான்று என்று அவர் வழக்கறிஞர் சொல்லலாம். அதோடு நம் சட்டம் ஒரு படைப்பின் மூல வடிவத்தையும் அதிலிருந்து பிறந்த வடிவத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. மொழிபெயர்ப்பு அந்த இரண்டாவதில் வரும். “எந்த வடிவிலும்” என்பதை அதோடு சேர்த்துப் படிக்கப் பார்ப்பார்கள். எனக்கு டீச்சர் பக்கம் கூடுதல் பலம் இருப்பதாகத் தெரிகிறது. உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அதனால்தான் கையெழுத்தை நிறுத்தச் சொன்னேன். மலாய்ப் பதிப்பகத்தின் ஒப்பந்தத்தில் கட்டாயம் ஒரு விதி இருக்கும்: “இந்த உரிமை முழுவதும் என்னிடமே உள்ளது, வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, பிரச்சினை வந்தால் நட்டத்தை நான் ஏற்கிறேன்.” தகராறு இருப்பது தெரிந்தே அதில் கையெழுத்துப் போட்டால், நாளை பழைய பதிப்பாளர் கடிதம் அனுப்பும்போது அச்சடித்த புத்தகத்தின் நட்டம் உங்கள் தலையில் விழும். 2000 வெள்ளிக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

---

வாசுகி டீச்சர் (நிபோங் திபால்)

நீங்கள் கேட்டது சரிதான் ஐயா. எனக்கு வந்தது 312 வெள்ளி. “விளம்பரம், அஞ்சல்” என்று 69 வெள்ளி கழித்திருக்கிறார்கள். மலாய் ஒப்பந்தத்தையும் பார்த்தேன், 12 ஆம் விதியில் நீங்கள் சொன்னது கிட்டத்தட்ட அதே சொற்களில் இருக்கிறது. கை நடுங்கிவிட்டது. அவர்களிடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

9 ஆம் விதியைப் பயன்படுத்தி மொத்தமாக உரிமையைத் திரும்ப வாங்க வழி இல்லையா? மஸ்ஜித் இந்தியாவிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் கேட்டேன். எந்தக் கடையிலும் இல்லை.

---

பிரிக்பீல்ட்ஸ் நூலடுக்கு

9 ஆம் விதியில் வலி “மின்வடிவிலோ” என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. தாள் புத்தகம் தீர்ந்தால் ‘அச்சில் இல்லை’ என்று எல்லாருக்கும் புரியும். மின்னூல் தீராது. ஒரு தளத்தில் கோப்பு ஒன்றை ஏற்றிவிட்டால், வருடத்துக்கு ஒரு பிரதி விற்றாலும் விற்காவிட்டாலும் ‘கிடைக்கிறது’. கேட்டால் அச்சடித்துத் தரும் முறையிலும் இதே கதைதான். நான் ஒப்பந்தம் எழுதிய காலத்தில் அங்கே எண் ஒன்றைப் போடச் சொல்வேன்: “தொடர்ந்து 12 மாதத்தில் எல்லா வடிவமும் சேர்த்து 50 பிரதிகளுக்குக் குறைவாக விற்றால், நூல் கிடைக்காததாகக் கருதப்படும்.” எண் 50 ஆக இருக்கலாம், 30 ஆகவும் இருக்கலாம். எண் இல்லாத விதி எழுத்தாளருக்கு உதவாது.

உங்களுடையதில் எண் இல்லை. ஆகவே நேராக “உரிமையைத் திரும்பக் கொடு” என்று கடிதம் போட்டால், “மின்னூல் இருக்கிறது” என்ற ஒரே வரியில் மூடிவிடுவார். அதற்கு முன் வேறொரு கடிதம் போடுங்கள். உரிமை பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கணக்கு மட்டும் கேளுங்கள்.

ஏன் என்றால், இந்தக் கூட்டலைப் பாருங்கள். அச்சிட்டது 500. கணக்கில் காட்டி விற்றது 254. விழாவில் போனது 120. தேசிய நூலகத்துக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டியது 5. ஆசிரியர் பிரதி எத்தனை வாங்கினீர்கள்? 20 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 399. மீதி 101 பிரதிகள் எங்கே? கிடங்கில் இருக்கிறது என்றால், கடைகளில் ஏன் இல்லை என்று கேட்கலாம். விற்றுவிட்டது என்றால், 2018-க்குப் பிறகு கணக்கு அனுப்பாமல் விற்றிருக்கிறார், 5 ஆம் விதியை மீறியிருக்கிறார். இரண்டில் எதைச் சொன்னாலும் உங்களுக்குப் பேச ஒரு பிடி கிடைக்கும்.

கடிதத்தில் நான்கே கேள்வி: 2019 முதல் ஆண்டுவாரியாக விற்ற அச்சுப் பிரதிகள், விற்ற மின்னூல்கள், இன்றைய இருப்பு, “நிகர வரவு” எப்படிக் கணக்கிடப்பட்டது. 14 நாள் கெடு. பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. வாட்ஸ்அப்பில் மட்டும் கேட்காதீர்கள்.

இதில் தாமதமும் கூடாது. தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்தப் பணத்துக்கு வழக்குப் போட 6 ஆண்டுதான். மிகப் பழைய ஆண்டுகளின் பாக்கி இப்போதே கைவிட்டுப் போயிருக்கலாம்.

---

ரவாங் குமரன்

இந்தியச் சட்டத்தை இங்கே போட்டுக் குழப்பியதற்கு மன்னியுங்கள் டீச்சர். ஒரு சந்தேகம் ஐயா. கணக்கு அனுப்பாததே மீறல் என்றால், அதை வைத்தே ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாதா?

---

பிரிக்பீல்ட்ஸ் நூலடுக்கு

நல்ல கேள்வி தம்பி. “கணக்கு வராவிட்டால் உரிமை திரும்பும்” என்று எழுதியிருந்தால் நேராக முடியும். இதில் இல்லை. பல ஆண்டு கணக்கு இல்லாதது ஒப்பந்தத்தின் அடிப்படையையே முறித்ததாகுமா என்பது வழக்கறிஞர் பார்க்க வேண்டியது. நான் பார்த்த வரையில் இந்த மீறல் மேசையில் பேச்சுக்குத்தான் பயன்பட்டிருக்கிறது. நீதிமன்றம் வரை யாரும் போனதில்லை.

---

தஞ்சோங் மொழிபெயர்ப்பாளன்

டீச்சர், நான் தமிழிலிருந்து மலாய்க்கு மொழிபெயர்ப்பவன், உங்கள் கதைகளைச் செய்பவர் வேறு ஒருவர். என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் எழுத்தாளரின் கதைகளை மலாயில் செய்தேன். அவர் தன் ஒப்பந்தம் முடிந்ததும் உரிமையைத் திரும்ப வாங்கி, மலாய் நூலை வேறு பதிப்பகத்தில் அப்படியே போடப் பார்த்தார். என் மலாய் வாக்கியங்கள் என் படைப்பு. அவருக்குத் திரும்பியது அவருடைய கதை மட்டுமே. அவர் கோபப்பட்டார், எனக்கும் வருத்தம். இரண்டு பேரும் அதை முதலிலேயே எழுதி வைக்கவில்லை.

ஆகவே மலாய் ஒப்பந்தத்தில் கேளுங்கள்: உரிமை மலாய் மொழிக்கு மட்டும், இந்த 6 கதைகளுக்கு மட்டும், 5 அல்லது 7 ஆண்டுக்கு மட்டும், 18 மாதத்தில் நூல் வராவிட்டால் தானாக முடியும். பிறகு மொழிபெயர்ப்பு வாசகம் யாருடையது, பின்னால் மறுபதிப்பு வந்தால் மொழிபெயர்ப்பாளருக்கு என்ன என்றும் ஒரு வரி. அட்டையில் அவர் பெயர் வர வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள், அதை யாரும் கேட்காமல் போடுவதில்லை.

---

வாசுகி டீச்சர் (நிபோங் திபால்)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கடிதம் போட்டேன். ஆசிரியர் பிரதி 20 தான், உங்கள் ஊகம் சரி ஐயா. பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. இருப்பு 38 பிரதிகள், ஒரு பெட்டியில். அப்படியென்றால் 63 பிரதிகள் கணக்கு வராமலே விற்றிருக்கின்றன. 94 வெள்ளி 50 காசு. தொகை சின்னதுதான். ஆனால் அந்தப் 63 பேர் என் கதைகளைப் படித்திருக்கிறார்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் நெஞ்சில் நிற்கிறது. மின்னூல் எட்டு ஆண்டில் மொத்தம் 9 பிரதிகள். விலை 9 வெள்ளி 90 காசு.

தொலைபேசியில் பேசினோம். முதல் தடவை போல் கடுமையாகப் பேசவில்லை. கணக்காளர் விலகிய பிறகு கணக்கே போடவில்லை என்று ஒப்புக்கொண்டார். மலாய் உரிமையை விட்டுக்கொடுத்துக் கடிதம் தருகிறாராம், ஆனால் முன்பணத்தில் 20 விழுக்காடு, அதாவது 400 வெள்ளி கேட்கிறார். தமிழ் நூலின் உரிமையைப் பற்றிப் பேச மறுக்கிறார்.

---

செந்தூல் அச்சகம்

400 கொடுத்து முடித்துவிடுங்கள் டீச்சர். 1000 கேட்டவர் இறங்கி வந்திருக்கிறார். வழக்கறிஞரிடம் ஒரு தடவை போனாலே அதற்கு மேல் ஆகும்.

---

தஞ்சோங் மொழிபெயர்ப்பாளன்

எனக்கு உடன்பாடு இல்லை. இல்லாத உரிமைக்கு ஏன் 400? நாளை ஆங்கிலம் வந்தால் இன்னொரு 20 விழுக்காடா?

---

பிரிக்பீல்ட்ஸ் நூலடுக்கு

இருவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது, முடிவு டீச்சருடையது. கொடுப்பதானால் ஒரே தடவை கொடுத்துவிட்டு எல்லா மொழிக்கும் சேர்த்து வாங்குங்கள். கடிதத்தில் “மலாய் உரிமையைத் திருப்பித் தருகிறோம்” என்று எழுதினால், அது அதுவரை அவரிடம் இருந்ததாக நீங்களே ஒப்புக்கொண்டது போலாகும். “மொழிபெயர்ப்பு உரிமைகள் அனைத்தும், எல்லா மொழிகளிலும், ஆசிரியரிடமே உள்ளன என்பதைப் பதிப்பாளர் உறுதிப்படுத்துகிறார், பின்னிணைப்பின் பகிர்வு வரி இன்றோடு நீக்கப்படுகிறது” என்று இருக்கட்டும். இருவர் கையெழுத்து, தேதி. அதன் நகலைக் கொடுத்த பிறகுதான் மலாய் ஒப்பந்தத்தின் 12 ஆம் விதியில் கையெழுத்து.

தமிழ் நூலுக்கு ஒரு யோசனை. அந்த 38 பிரதிகளையும் நீங்களே கழிவு விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள். பெட்டி காலியானால் அச்சு வடிவம் தீர்ந்தது. பிறகு எட்டு ஆண்டில் 9 பிரதிகள் விற்ற மின்னூலுக்காக ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது சுலபம். விதிப்படி அவர் இறங்க வேண்டிய கட்டாயம் அப்போதும் இல்லை.

---

வாசுகி டீச்சர் (நிபோங் திபால்)

வியாழக்கிழமை ரயிலேறிக் கோலாலம்பூர் வருகிறேன். நீங்கள் எழுதிய வாசகத்தை இரண்டு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். 38 பிரதிகளுக்கு ஒன்றுக்கு 10 வெள்ளி சொல்லலாம் என்று இருக்கிறேன். அதிகமா, குறைவா, தெரிந்தவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.